கையெழுத்து வராமல் புராஜெக்ட்டை எப்படி மூடுவது?

நண்பர்களே, ஒரு உதவி. ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு ஸ்டாக் மென்பொருள் செய்து கொடுத்தோம், நிலையான விலை ஒப்பந்தம். ஆறு வாரமாக அவர்கள் குடோனில் தினமும் அதில்தான் பில் போடுகிறார்கள், ஆனால் ஏற்புக் கடிதத்தில் மட்டும் கையெழுத்து போட மாட்டேன் என்கிறார்கள். காரணம், மூன்று சின்னக் குறைகள். அதில் ஒன்று ஒப்பந்தத்திலேயே இல்லாத புது ரிப்போர்ட்.

கடைசி 15 சதவீதப் பணம் அந்தக் கையெழுத்தில் தொங்குகிறது. 90 நாள் வாரண்டியும் அன்றிலிருந்துதான் ஆரம்பம், அதாவது தாமதமாகத் தாமதமாக நாங்கள் இலவசமாகப் பார்க்கும் காலம் நீள்கிறது. நான்கு பேரின் டைம்ஷீட் இன்னும் இந்தக் கணக்கில் ஏறி லாபத்தைத் தின்கிறது.

நான் யோசித்திருப்பது: இரண்டு குறைகளையும் முடிக்கும் தேதியோடு கடிதத்தின் இணைப்பில் எழுதி நிபந்தனையுடன் ஏற்பு வாங்குவது, ரிப்போர்ட்டைத் தனி மாற்றக் கோரிக்கையாக விலை போட்டுக் கொடுப்பது. அப்புறம் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று பேரை விடுவிப்பது. அதற்கு முன் அவர்களை உட்கார வைத்துப் படிப்பினைகளை எழுதி வாங்கிவிட வேண்டும், வேறு வேலைக்குப் போனபின் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

ஒப்பந்தத்தில் "15 நாளில் எழுத்தில் மறுக்காவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும்" என்ற வரி இருக்கிறது. அவர்கள் போனில்தான் மறுத்தார்கள். அந்த வரியைக் காட்டி இறுதி இன்வாய்ஸ் அனுப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உறவு கெடாமல் பணம் வந்ததா?