கேள்விக்குறியோடு மட்டும் வந்த கணக்குப் படம்: விடை எழுதுவதா, திருப்பிக் கேட்பதா?

மாலை வகுப்பு ஆசிரியை:
பத்தாம் வகுப்புக்கான எங்கள் வாட்ஸப் குழுவில் நேற்றிரவு ஒரு மாணவி தன் குறிப்பேட்டின் ஒரு பகுதியைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். பென்சிலில் எழுதிய ஒரு சமன்பாடும், படத்தின் கீழே ஒரு "?" குறியும்தான் இருக்கின்றன. √2x² + 7x + 5√2 = 0 என்று படிக்கிறேன்; ஆனால் அந்த 7 பார்வைக்கு 1 போலவும் இருக்கிறது, முதல் வர்க்கமூலக் கோடு x² வரை நீண்டிருக்கிறது. இதற்கு எப்படிப் பதில் எழுதுவது?

வங்கிக்காரர்:
இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தன்மைக்காட்டி 49 − 40 = 9, அதன் வர்க்கமூலம் 3; ஆகவே x = (−7 ± 3)/(2√2), அதாவது −√2, −5/√2. பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் சூத்திரம் மறக்கவில்லை என்பதில் எனக்கே மகிழ்ச்சி. இதை அப்படியே குழுவில் போட்டுவிட்டால் அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்கப் போவாள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
மேலே எழுதிய நண்பர் கணக்கைப் போட்டுவிட்டார். அம்மையார் கேட்டது அதுவன்று. முயற்சியின் ஒரு வரிகூட இல்லாமல் வந்த படத்துக்கு விடை அனுப்பக் கூடாது என்பதே என் கருத்து. "எதுவரை செய்தாய், எந்த இடத்தில் நின்றாய்" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒருத்திக்கு முழு விடை போனால், மறுநாள் வகுப்பில் இருக்கும் எல்லாக் குறிப்பேடுகளிலும் அதே ஐந்து வரிகள், அதே எழுத்துப்பிழையோடு உட்கார்ந்திருக்கும். குறிப்பேடு திருத்திய எவருக்கும் இது தெரியும்.

தூத்துக்குடி அப்பா:
ஐயா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் என் மகன் விஷயத்தில் நடந்தது வேறு. அவனும் இப்படித்தான் ஒரு வடிவியல் கணக்கைப் படமெடுத்துக் கேள்விக்குறியோடு அனுப்பினான். "எதுவரை செய்தாய்?" என்று ஆசிரியர் கேட்டார். அவன் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டான். அதன் பிறகு அந்தக் குழுவில் எதையும் கேட்கவில்லை. எந்த இடத்தில் நின்றோம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் அவன் பாதிக் கணக்கை முடித்திருப்பான். மேலும், அடுக்குக் குறியையும் வர்க்கமூலக் குறியையும் கைப்பேசியில் தட்டுவது பெரியவர்களுக்கே வராத வேலை. பிள்ளைகளால் அனுப்ப முடிந்தது படமும் கேள்விக்குறியும்தான். முழு விடையையே அனுப்பிவிடுங்கள். ஒரு முறை பார்த்து எழுதினால் அடுத்ததைத் தானாகப் போடுவாள்.

கணக்கு வாத்தியார்:
இருவரும் விடை கொடுப்பதா வேண்டாமா என்பதிலேயே நிற்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது: நாம் படித்தது அவள் எழுதியதுதானா? நடுக்கெழுவை 1 என்று படித்துப் பாருங்கள். தன்மைக்காட்டி 1 − 40 = −39 ஆகிவிடும்; "மெய் மூலங்கள் இல்லை" என்று ஒரே வரியில் விடை எழுதி அனுப்பிவிடலாம். அது தவறு என்று கண்டுபிடிக்க அவளுக்கு வழியே இல்லை, ஏனென்றால் "மூலங்களின் தன்மையைக் காண்க" என்ற பயிற்சியில் அப்படிப்பட்ட விடை இயல்பாகவே வரும். படத்தில் கணக்கின் தலைப்பு வரி இல்லை என்பதையும் கவனியுங்கள். காரணிப்படுத்தித் தீர்க்க வேண்டுமா, சூத்திரத்தால் தீர்க்க வேண்டுமா, மூலங்களின் தன்மையை மட்டும் சொல்ல வேண்டுமா என்பது அந்த வரியில்தான் இருக்கும். குறிப்பேட்டில் எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் அதை எழுதுவதில்லை. (iv) என்று எண் போட்டுவிட்டுச் சமன்பாட்டை மட்டும் எழுதிக்கொள்வார்கள்.

வர்க்கமூலக் கோடு x² வரை நீண்டிருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கோடு உண்மையிலேயே x²-ஐயும் மூடினால் அது இருபடிச் சமன்பாடாகவே இருக்காது, அந்தப் பாடத்தில் அதற்கு இடமில்லை. அவசரத்தில் கோட்டை இழுத்துவிடுவது எல்லாப் பிள்ளைகளும் செய்வது.

மென்பொருள் தம்பி:
கணக்கு வாத்தியார் சொல்லும் ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை இருக்கிறது. பாடநூல் கணக்குகள் அழகாக முடியும்படி அமைக்கப்படுபவை. 7 என்று படித்தால் தன்மைக்காட்டி 9, முழு வர்க்கம். 1 என்று படித்தால் −39. 9 என்று படித்தால் 41. ஆகவே 7 என்பதே சரி. தன்மைக்காட்டி முழு வர்க்கமாக வந்துவிட்டால் நாம் சரியாகப் படித்திருக்கிறோம் என்று பொருள். மாணவியைத் திரும்பக் கேட்டுத் தொல்லைப்படுத்த வேண்டியதில்லை.

கணக்கு வாத்தியார்:
தம்பி, 7-ஐப் பொறுத்தவரை உங்கள் ஊகத்தை ஏற்கிறேன். என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் காரணிப்படுத்தல் பயிற்சியில் 7 உள்ள இதே சமன்பாடு இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் சோதனையை விதியாக வைத்துக்கொள்ளாதீர்கள். பென்சிலில் 5-இன் மேல்கோடு வளைந்துவிட்டால் 3 போலத் தெரியும். கடைசி உறுப்பை 3√2 என்று படித்தால் தன்மைக்காட்டி 49 − 24 = 25; அதுவும் முழு வர்க்கம்தான். காரணிகளும் தடங்கலின்றி வரும்: (x + 3√2)(√2x + 1) = 0. விடை −3√2, −1/√2. பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் அது அவளுடைய கணக்கன்று. விடை அழகாக வருவதை வைத்து நாம் படித்தது சரி என்று முடிவு கட்ட முடியாது. அதனால்தான் எந்தப் பதிலின் முதல் வரியும் "நீ எழுதியிருப்பதை நான் இப்படிப் படிக்கிறேன்" என்று இருக்க வேண்டும் என்கிறேன். "ஆம்" என்ற ஒரு சொல்லால் அவள் உறுதி செய்துவிடலாம். அதற்கு வர்க்கமூலக் குறியைத் தேட வேண்டியதில்லை.

சகோதரி, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பென்சிலால் எழுதும் பிள்ளை சரியாக வராததை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் படம் எடுக்கும். அழித்த தடம் ஏதாவது இருக்கிறதா?

மாலை வகுப்பு ஆசிரியை:
படம் சுருங்கி வந்ததால் முதலில் தெரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். சமன்பாட்டுக்குக் கீழே தாள் சற்றுத் தேய்ந்திருக்கிறது. அதில் மங்கலாக 10 என்று ஒன்றும், அதற்குக் கீழே 2, 5 என்று இரண்டும் தெரிகின்றன. அதற்கும் கீழே √2x² + 2x என்பது போல ஒரு வரி. அதன் பின்னால் இருப்பதைப் படிக்க முடியவில்லை.

கணக்கு வாத்தியார்:
அப்படியானால் நடுக்கெழு 7 என்பது உறுதி, ஏனென்றால் அவள் அதைத்தான் 2, 5 என்று பிரித்திருக்கிறாள். கடைசி உறுப்பு 5√2 என்பதும் உறுதி, ஏனென்றால் √2 × 5√2 = 10. அவள் நின்ற இடமும் தெரிந்துவிட்டது. √2x² + 2x என்ற இரண்டு உறுப்புகளிலிருந்து எதைப் பொதுவாக வெளியே எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த வகைக் கணக்கில் என்னிடம் படித்த பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் நின்றிருக்கிறார்கள். x மட்டும் பொது என்று எடுத்தால் x(√2x + 2) என்று வரும். மறுபக்கம் 5x + 5√2 என்பதில் 5 எடுத்தால் 5(x + √2). இரண்டு அடைப்புக்குள்ளும் ஒன்றே வரவில்லை, எனவே பிரித்ததே தவறு என்று நினைத்து அழித்துவிடுவார்கள். உண்மையில் பிரித்தது சரி. அந்த 2-ஐ √2 × √2 என்று எழுதிப் பார்த்தால் √2x வெளியே வந்து, உள்ளே x + √2 நிற்கும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
நன்று. ஆனால் இது என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. அவள் முயன்றிருக்கிறாள், முயன்றதை மறைத்திருக்கிறாள். அழிக்காமல் அனுப்பு என்பதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். நாம் தடயம் தேடிப் படத்தைத் துருவிக்கொண்டிருந்தால், நாற்பது பிள்ளைகள் உள்ள குழுவை யார் நடத்துவது?

தூத்துக்குடி அப்பா:
மறைத்தாள் என்பது கடுமையான சொல், ஐயா. தவறென்று நினைத்ததை ஆசிரியருக்குக் காட்ட வெட்கப்பட்டிருக்கிறாள். வாத்தியார் சொன்னதைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். முழு விடை போயிருந்தால், தன் பிரிப்பு சரியாகத்தான் இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. புதிதாக ஒன்றைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பாள். அதே சமயம், வெறுங்கேள்வி போயிருந்தால் பதிலே வந்திருக்காது என்பதில் நான் மாறவில்லை.

வங்கிக்காரர்:
சூத்திரத்தில் போட்டால் இந்தப் பொதுக்காரணித் தொல்லையே இல்லையே. ஏன் அதைச் சொல்லித்தரக் கூடாது?

கணக்கு வாத்தியார்:
சூத்திரத்திலும் இதே முள் இருக்கிறது, ஐயா. (−7 + 3)/(2√2) என்பது −4/(2√2), அதாவது −2/√2 என்று வந்து நிற்கும். அது −√2 தான் என்று காண, 2 என்பது √2 × √2 என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத பிள்ளை, தன் விடை புத்தகத்தின் பின்பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று மீண்டும் ஒரு கேள்விக்குறி அனுப்பும்.

சகோதரி, நானாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்:

"நான் படிப்பது: √2x² + 7x + 5√2 = 0, வர்க்கமூலம் 2-க்கு மட்டும். காரணிப்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் 'இல்லை' என்று போடு. 7-ஐ 2, 5 என்று நீ பிரித்தது சரி. √2x² + 2x என்பதில் 2-க்குப் பதில் √2 × √2 என்று எழுதி, எது பொதுவாக இருக்கிறது என்று பார். வந்ததை அழிக்காமல் படமெடுத்து அனுப்பு."

மென்பொருள் தம்பி:
அழித்த தடம் இல்லாத படமாக இருந்தால் என்ன செய்வது? இந்தக் கணக்கில் உங்களுக்கு ரப்பர் உதவியது.

கணக்கு வாத்தியார்:
அப்போதும் முதல் இரண்டு வரிகளை அப்படியே எழுதுவேன். மூன்றாவதாக, "√2-ஐயும் 5√2-ஐயும் பெருக்கினால் உனக்கு எவ்வளவு வருகிறது?" என்று கேட்பேன். அதற்கு ஓர் எண் மட்டும் பதிலாகப் போதும். 10 என்று வந்தால் சிக்கல் அதற்கு அப்பால். 5√2 என்றோ 10√2 என்றோ வந்தால் வர்க்கமூலப் பெருக்கலிலேயே சிக்கல். "எங்கே நின்றாய்" என்பதற்குச் சொல்லத் தெரியாத பிள்ளையும் இதற்குப் பதில் சொல்லும்.

மாலை வகுப்பு ஆசிரியை:
அந்த வரிகளைத் தனிச்செய்தியாக அனுப்பினேன். சற்று நேரத்தில் ஒரு கட்டைவிரல் குறி வந்தது. படம் எதுவும் வரவில்லை. புரிந்ததா, வெறும் மரியாதைக்குப் போட்டாளா என்று சொல்ல முடியவில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
கேள்விக்குறி போய்க் கட்டைவிரல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். திங்கட்கிழமை கரும்பலகையில் √3x² + 10x + 7√3 = 0 என்று எழுதி, அவளை மட்டும் அழைக்காமல் வகுப்பு முழுவதையும் போடச் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்:
கணக்கு பொருத்தமானது, பெருக்கல் பலன் 21, பிரிப்பு 3, 7. ஆனால் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டாம் என்பேன். அதையே ஒரு தாளில் கையால் எழுதி, படமெடுத்து இன்றிரவே அவளுக்கு அனுப்பிப் பாருங்கள்.