கார்டு பாயிண்டுகளை எதில் மாற்றுவது? டர்பன் பக்கம் யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் கிரெடிட் கார்டில் 24,000 பாயிண்டுகள் சேர்ந்திருக்கின்றன, அடுத்த மாதம் காலாவதியாகிவிடும். கார்டு கணக்கிலேயே வரவு வைத்தால் 1,200 ராண்ட், மளிகை வவுச்சராக 1,350, எலக்ட்ரானிக்ஸ் கடை வவுச்சராக 1,500. கடைசியதுதான் பெரிய தொகை, ஆனால் எங்களுக்கு இப்போது அங்கே வாங்க எதுவும் இல்லை, போனால் கையிலிருந்தும் போட்டுத்தான் வருவோம். மளிகை எப்படியும் மாதாமாதம் வாங்குவதுதானே, அதனால் அந்த 1,350 எனக்கு முழு மதிப்பு. அந்த வவுச்சரை இரண்டு மூன்று தடவையாகச் செலவழிக்க முடியுமா, மீதி போய்விடுமா?

அப்புறம் இன்னொன்று. மாதம் 9,000 செலவுக்கு 1% கேஷ்பேக், அதாவது 90 ராண்ட் வருகிறது. 12,000 தொட்டால் மொத்தத்துக்கும் 2%, 240 ராண்ட். கூடுதலாக 150 கிடைக்க, தேவையில்லாமல் 3,000 செலவழிக்க மாட்டேன். ஒரு மாதம் பில்லை முழுசாகக் கட்டாமல் விட்டால், வருடத்துக்கு 20% வட்டியில் 12,000-க்கு அந்த மாதம் 200 ராண்ட் போய்விடும். எப்படியும் கட்டவேண்டிய பள்ளிக் கட்டணத்தையும் ப்ரீபெய்ட் மின்சாரத்தையும் கார்டில் கட்டினால் அது கணக்கில் சேருமா? கட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.