3 மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட்: மொத்த லாப விகிதம் வைத்துப் போட்டால் இருப்பு கூடுதலாக வருகிறது. அவசரம்

கடைக்கணக்கு
வணக்கம். சேலைக் கடையில் கணக்கு பார்க்கிறேன். ஜூன் காலாண்டுக்கான ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை நாளை வங்கியில் தர வேண்டும். சரக்கு எண்ண ஆள் இல்லை, அதனால் லாப விகிதம் வைத்துப் போட்டேன். மார்ச் 31 இருப்பு 18,40,000. கொள்முதல் 22,00,000. விற்பனை 31,50,000. எங்களுக்கு எப்போதும் லாபம் 25%. இருப்பு 16,77,500 வருகிறது. முதலாளி "அவ்வளவு சரக்கு எங்கே இருக்கு, 15க்கு மேல போகாது" என்கிறார். எங்கே தப்பு?

மஞ்சள்பை
வங்கி எது? லிமிட் எவ்வளவு? கொள்முதலில் ரிட்டர்ன் கழித்தாச்சா?

வரவுசெலவு
சின்னக் கடை என்றால் உத்தேச லாப முறையில் போட்டுவிடுங்கள். ரொக்க விற்பனைக்கு 8%, வங்கி வழி வந்ததற்கு 6%. இருப்பே காட்ட வேண்டாம்.

பேரேடு
வரவுசெலவு, அது வருமான வரிக்கு. அவர் கேட்பது வங்கிக்கு. அந்த 6 சதவீதத்தை வைத்து இருப்பு போட்டால் மிகவும் குறைவாக வரும்.

கடைக்கணக்கு, மூன்று விஷயம் சொல்லுங்கள். விற்பனை 31,50,000 ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? 25% என்பது அடக்க விலை மேலா, விற்ற விலை மேலா? லாரி வாடகையை எங்கே எழுதுகிறீர்கள்?

தணிக்கையாளன்
இதைக்கூடச் சொல்லாமல் "எங்கே தப்பு" என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். அதுவும் மதிப்பீடு போட்டு வங்கிக்குத் தருவதே தவறு. காரோ 2020 என்ற தணிக்கை ஆணை வந்த பிறகு காலாண்டு ஸ்டேட்மென்ட்டும் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டர் எழுத வேண்டும். விளையாட்டில்லை தம்பி.

கடைக்கணக்கு
மன்னிக்கவும். டேலியில் பில் மொத்தம் எடுத்தேன், ஜிஎஸ்டி 5% சேர்த்துதான். கொள்முதல் ரிட்டர்ன் போக, வரி இல்லாமல். 25% என்பது நாங்கள் சேலை மேல் விலை ஒட்டும்போது அடக்கத்தில் ஏற்றுவது. லாரி வாடகை 40,000. அதை நான் சேர்க்கவில்லை. ஆடிட்டர் ட்ரேடிங் கணக்கில் சேர்ப்பார்.

பேரேடு
அப்படியா. முதலில் வரியை எடுத்துவிடுங்கள், அது உங்கள் பணம் இல்லை. 31,50,000ஐ 1.05ஆல் வகுத்தால் 30,00,000. அடுத்தது விகிதம். 100 ரூபாய் சேலையை 125க்கு விற்றால் லாபம் 25தான், ஆனால் விற்பனையில் அது 20%. விற்பனையிலிருந்து பின்னோக்கிப் போகும்போது 20%தான் பிடிக்க வேண்டும். அப்போது மொத்த லாபம் 6,00,000, விற்ற சரக்கின் அடக்கம் 24,00,000.

லாரி வாடகை ஆண்டுக் கணக்கில் சேர்ந்திருந்தால் இங்கேயும் சேர வேண்டும். பழைய விகிதமே அதைக் கழித்த பிறகு வந்தது.

18,40,000 + 22,00,000 + 40,000 = 40,80,000
40,80,000 − 24,00,000 = 16,80,000

உங்கள் பழைய விடையோடு வெறும் 2,500 வித்தியாசம். அதனால் உங்கள் கணக்கு சரி என்று நினைக்க வேண்டாம். விற்பனையும் லாபமும் இரண்டுமே கூடுதலாக இருந்தன, வாடகை விட்டுப்போனது, எல்லாம் ஒன்றை ஒன்று தின்றுவிட்டன. அடுத்த காலாண்டில் இப்படி ஒத்துவராது.

இன்னொன்று. விலைச்சீட்டின் 25 வேறு, கடைசியில் கைக்கு வந்த லாபம் வேறு. கடந்த 3 வருட ட்ரேடிங் கணக்கில் மொத்த லாபம் விற்பனையில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

கடைக்கணக்கு
20.2, 19.7, 20.1.

மஞ்சள்பை
அப்போ 20 சரி. அப்படியும் முதலாளி சொன்ன 15 வரவில்லையே. திருட்டாக இருக்கும். எண்ணிப் பாருங்கள்.

தணிக்கையாளன்
திருட்டு இந்த முறையில் தெரியவே தெரியாது. காணாமல் போன சேலையும் இருப்பில் இருப்பதாகத்தான் காட்டும். அதனால்தான் சொல்கிறேன், கையில் எண்ணாத இருப்பை எழுதி ஒப்பமிடுவது ஏமாற்று.

பேரேடு
முதல் பாதி நியாயம். இரண்டாம் பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏஎஸ் 25 என்ற கணக்கியல் தரத்தின் பின்னிணைப்பிலேயே இடைக்கால அறிக்கைக்கு முழுச் சரக்கெண்ணிக்கை தேவைப்படாமல் போகலாம், விற்பனை மார்ஜினை வைத்து மதிப்பிட்டால் போதுமானதாக இருக்கலாம் என்று உண்டு. ஆண்டு முடிவுக்கு இது செல்லாது, அது வேறு. நீங்கள் சொன்ன காரோ விதி கம்பெனிகளுக்கு, அதுவும் 5 கோடிக்கு மேல் லிமிட் இருந்தால். இந்தக் கடைக்கு அது எங்கே வந்தது?

தணிக்கையாளன்
விதி வராவிட்டாலும் வங்கி ஆள் நேரில் வந்து பார்ப்பாரே. அப்போது ஏஎஸ் 25ஐ வாசித்துக் காட்டுவீர்களா?

பேரேடு
மதிப்பீடு என்று ஸ்டேட்மென்ட்டிலேயே எழுதிக் கொடுத்தால் யாரும் ஏமாறவில்லை. வங்கி ஒத்துக்கொள்கிறதா என்பதை வங்கியிடம்தான் கேட்க வேண்டும்.

பாத்திரக்கடை
எங்கள் கடை தீப்பிடித்தபோது சர்வேயர் இதே கணக்குதான் போட்டார். அதில் ஒரு விஷயம் பெரிதாகக் கேட்டார்: பழைய சரக்கு ஏதாவது அடிவிலைக்குத் தள்ளிவிட்டீர்களா என்று. அதைத் தனியே பிரித்த பிறகுதான் மீதிக்கு விகிதம் போட்டார். எங்களுக்குக் கிளைம் தொகை குறைந்தது, அது ஒரு தனிக் கதை. ஆறு மாதம் அலைந்தோம்.

கடைக்கணக்கு
அண்ணா, ஜூனில் நின்றுபோன சேலைகளை ஒரு வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுத்தோம். வரி போக 2,00,000. அடக்கம் 2,50,000. இதைச் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை.

பேரேடு
அதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். 20% போட்டால் அந்த 2,00,000 விற்பனைக்கு 1,60,000 அடக்கம்தான் கழியும். கடையை விட்டுப் போனது 2,50,000 சரக்கு. 90,000 காகிதத்தில் மட்டும் நிற்கிறது. மீதி 28,00,000 விற்பனைக்கு 20% போடுங்கள், அடக்கம் 22,40,000. அதோடு 2,50,000. மொத்தம் 24,90,000.

40,80,000 − 24,90,000 = 15,90,000

காலாண்டின் மொத்த லாபம் 5,10,000, விற்பனையில் 17%. முதலாளியின் கண் மதிப்புக்கு இது பக்கத்தில் வருகிறது. ஒன்று பாருங்கள், மார்ச் இருப்பில் அந்தச் சேலைகள் 2,50,000க்கே நிற்கின்றனவா? ஆடிட்டர் அப்போதே விலை குறைத்து எழுதியிருந்தால் அந்தக் குறைத்த விலைதான் கழிய வேண்டும்.

ஆடித்தள்ளுபடி
நடுவில் நுழைகிறேன். அந்த 20% ஆண்டு விகிதம். அதில் ஆடித் தள்ளுபடியின் நஷ்டமும் கலந்திருக்கிறது. சித்திரை, வைகாசி கல்யாண சீசனில் யாரும் தள்ளுபடி தருவதில்லை, அதனால் இந்தக் காலாண்டில் மார்ஜின் 21கூட இருக்கலாம். 28 லட்சத்தில் 1% என்றால் இருப்பு 28,000 கூடும். பழைய சரக்கு நஷ்டத்தைத் தனியே கழித்துவிட்டு, அதே மாதிரி நஷ்டம் உள்ளடங்கிய விகிதத்தையும் போடுவது இரட்டைக் கழிவு இல்லையா?

பேரேடு
நல்ல கேள்வி. போன வருட ஜூனில் எண்ணியிருந்தால் அந்தக் காலாண்டு விகிதமே கிடைத்திருக்கும். எண்ணாதவரை 20ஆ 21ஆ என்று அடித்துச் சொல்ல முடியாது. வங்கிக்குக் குறைந்த இருப்பைக் காட்டுவதே பாதுகாப்பு என்று 20ஐ விட்டேன்.

தணிக்கையாளன்
அதாவது இதுவும் ஊகம்தான். நான் முதலிலேயே சொன்னேன்.

மஞ்சள்பை
ஜூன் 30க்குள் பில் வந்து சரக்கு வராதது ஏதாவது இருக்கா? எங்கள் கடையில் லாரி ஆபீசிலேயே ஒரு கட்டு கிடந்தது. கொள்முதலில் ஏறிவிட்டது, அலமாரியில் இல்லை.

கடைக்கணக்கு
ஒரு பில் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன். ஆடிட்டரிடம் கேட்டேன், பழைய சேலை மார்ச்சில் முழு அடக்கத்துக்கே இருக்கிறதாம். மதிப்பீடு என்று எழுதி 15,90,000 போட்டுவிட்டேன். நன்றி.

மஞ்சள்பை
அந்தப் பில் எவ்வளவு? சரக்கு வந்ததா? அதையும் கழிக்க வேண்டாமா?

ஆடித்தள்ளுபடி
சரக்கு கடனுக்குத் தந்தவர்களுக்குத் தர வேண்டியதைக் கழித்தீர்களா? எவ்வளவு கடன் எடுக்கலாம் என்று வங்கி டிராயிங் பவர் போடும்போது பணம் கட்டாத சரக்கைச் சேர்க்காது.