ஆவி அழுத்தம் கணக்கு: எப்படி போட்டாலும் 758 தான் வருது, அவசரம்

பிபெட்பாண்டி:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். கிளாசியஸ் கிளாப்பிரான் சமன்பாட வச்சு வேற ஒரு டெம்பரேச்சர்ல ஆவி அழுத்தம் கண்டுபிடிக்கணும். கொதிநிலை தெரியும், ஆவியாதல் வெப்பம் தெரியும், ஃபார்முலாவும் சரியாத்தான் போட்டிருக்கேன், ஆனா விடை 758 னு வருது. கொதிநிலைல 760, அதவிட எவ்வளவோ கீழ வந்தும் 758 ஆ இருக்க முடியுமா? நாளைக்கு காலைல சார்கிட்ட குடுக்கணும். யாராவது பாத்து சொல்லுங்க ப்ளீஸ்.

சுந்தர்79:
எந்த திரவம், எந்த டெம்பரேச்சர், எதுவுமே சொல்லலையே தம்பி. இருந்தாலும் பாக்காமலே சொல்றேன், நீங்க செல்சியஸ்ல போட்டிருப்பீங்க. நூத்துக்கு தொண்ணூறு பேர் அங்கதான் விழுவாங்க. கெல்வினுக்கு மாத்துங்க, சரியாயிடும்.

பழைய வாத்தியார்:
"ஃபார்முலா சரியாத்தான் போட்டிருக்கேன்" னு சொல்லிட்டு ஃபார்முலாவ காட்டாம இருக்கறது இந்தக் காலத்து பிள்ளைங்க வழக்கம். என்ன திரவம்னு கூட எழுத பொறுமை இல்ல. நாங்க லாக் டேபிள் வச்சு இதெல்லாம் போட்டோம்.

ஊட்டி ரவி:
இது மலைல தண்ணி சீக்கிரம் கொதிக்கற விஷயம்தானே? எங்க ஊர்ல 92, 93 டிகிரிலயே கொதிச்சுரும், பருப்பு வேகவே வேகாது, குக்கர் இல்லாம முடியாது. உங்க 758 கடல்மட்டத்துக்கு கிட்ட இருக்கே, அப்ப சரிதானே?

பிபெட்பாண்டி:
ரவி அண்ணா, தண்ணி இல்ல. எத்தனால். கொதிநிலை 78.37 டிகிரி, எனக்கு வேண்டியது 35 டிகிரில. கெல்வின்லதான் போட்டிருக்கேன் சுந்தர் அண்ணா. எக்செல்ல போட்டது இதான்:

```
=760*EXP(-38.56/8.314*(1/308.15-1/351.52))
```

மலர்விழி:
பாண்டி, தப்பு அந்த 38.56 லதான். அது கிலோஜூல். 8.314 இருக்கறது ஜூல் கணக்குல. ரெண்டும் ஒரே அலகுல இல்லாததால அடுக்குல வர்ற எண் ஆயிரம் மடங்கு சின்னதாகி கிட்டத்தட்ட பூஜ்யமாயிருச்சு, அதனாலதான் அழுத்தம் 760 அ விட்டு நகரவே மாட்டேங்குது. 38.56 க்கு பதிலா 38560 போட்டு பாருங்க.

சுந்தர் சார், விடையே சொல்லிடுது அது செல்சியஸ் தப்பு இல்லன்னு. இதே ஷீட்ல 35 யும் 78.37 யும் நேரா போட்டிருந்தா 706 வாக்குல வந்திருக்கும். அலகு சரியா இருந்து செல்சியஸ் மட்டும் தப்பா போயிருந்தா, புள்ளிக்கு அப்புறம் 28 பூஜ்யம் வர்ற மாதிரி ஒரு எண் வந்து நிக்கும். குறி மாறிப்போனா 760 க்கு மேல போயிரும், இங்க கிட்டத்தட்ட 4900 வரும், கொதிநிலைக்கு கீழ அப்படி வரவே கூடாது. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு முகம் இருக்கு, 758 ங்கறது கிலோஜூல் முகம்.

சுந்தர்79:
சரி சரி, ஒத்துக்கறேன், ஆனா செல்சியஸ் செக் பண்ண சொன்னது தப்பில்லயே. இன்னொன்னு, 760 ன்னு போட்டதும் தப்பு, எல்லாத்தையும் பாஸ்கலுக்கு மாத்தித்தான் போடணும், ஆர் எஸ்ஐ அலகுல இருக்கே.

மலர்விழி:
அழுத்தத்துக்கு அது தேவை இல்ல சார். ஃபார்முலாக்குள்ள ரெண்டு அழுத்தத்தோட விகிதம்தான் வருது, 760 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சா விடையும் மில்லிமீட்டர்ல வரும், பாஸ்கல்ல ஆரம்பிச்சா பாஸ்கல்ல வரும். அலகு ஒத்துப்போக வேண்டியது வெப்பத்துக்கும் ஆருக்கும் மட்டும்தான்.

பிபெட்பாண்டி:
அக்கா சூப்பர்!! 38560 போட்டதும் 118.7 வந்துருச்சு. ஆனா இன்னொரு சந்தேகம், ஒரு டேபிள்ல பாத்தேன், 35 டிகிரில எத்தனாலுக்கு 103 னு போட்டிருக்கு. 15 சதவீதம் கூட இருக்கே, டேபிள் தப்பா?

பழைய வாத்தியார்:
டேபிள் தப்பில்ல, ஃபார்முலாவே உருப்படியில்ல. ஆவியாதல் வெப்பம் மாறாதுன்னு வச்சுகிட்டுதான் அத இன்டெக்ரேட் பண்ணியிருக்கு, முதல் பக்கத்துலயே எழுதியிருப்பான், யார் படிக்கறாங்க. ஆன்ட்வான் சமன்பாடு போடுங்க, வேல முடிஞ்சது. இதெல்லாம் காலேஜ் பரீட்சைக்கு மட்டும்தான்.

மலர்விழி:
வாத்தியார் ஐயா பாதி சரி. வெப்பம் மாறாதுன்னு வச்சுக்கறோம்ங்கறது உண்மை, ஆனா அதுக்காக ஃபார்முலாவ தூக்கிப் போட வேண்டியதில்ல.

எத்தனாலுக்கு கொதிநிலைல மோலுக்கு 38.56 கிலோஜூல், ஆனா 25 டிகிரில 42.3. திரவம் குளிர குளிர மூலக்கூறுங்க ஒன்ன ஒன்னு இன்னும் இறுக்கமா புடிச்சுக்கும், பிரிச்செடுக்க கூட வெப்பம் வேணும். பாண்டி 78 ல இருந்து 35 க்கு இறங்கி வர்றாரு, வழியெல்லாம் உண்மையான சரிவு கூடிக்கிட்டே போகுது, ஆனா அவர் ஆரம்பத்துல இருந்த சின்ன சரிவையே கடைசி வரைக்கும் வச்சுகிட்டு இறங்கறாரு. அதனால போதுமான அளவு இறங்காம 103 க்கு பதிலா 119 ல நின்னுட்டாரு. மேல இருந்து கீழ வரும்போது கொதிநிலை மதிப்ப போட்டா விடை எப்பவும் கூடத்தான் வரும், அத தெரிஞ்சுக்கிட்டாலே பாதி பயம் போயிரும்.

வழி என்னன்னா, தாவுற தூரத்த குறைக்கணும். 25 டிகிரில எத்தனால் ஆவி அழுத்தம் 59 மில்லிமீட்டர். அங்க இருந்து 35 க்கு பத்து டிகிரிதான், அந்த இடத்தோட வெப்பத்தையே போடுங்க:

```
=59*EXP(-42300/8.314*(1/308.15-1/298.15))
```

102.6 வரும். அதே ஃபார்முலாதான் ஐயா, ஆன்ட்வான் இல்லாமலே டேபிளோட ஒத்துப்போகுது.

லேப்ராணி:
மலர் சொல்றது அப்படியே எங்க லேப்ல நடந்தது. ரோட்டரி இவாப்பரேட்டர்ல எத்தனால் ஓட்டணும், 40 டிகிரில கொதிக்க என்ன வேக்யூம் வைக்கணும்னு ஒரு ஜூனியர் இதே மாதிரி கொதிநிலைல இருந்து கணக்கு போட்டு 200 மில்லிபார் வச்சுட்டா. ஃபிளாஸ்க் சும்மா சுத்திகிட்டே இருக்கு, கண்டென்சர்ல ஒரு சொட்டு விழல. மெஷின் கெட்டுப்போச்சுன்னு எல்லாரையும் கூப்பிட்டாச்சு. அப்புறம் மெஷினோட வர்ற சால்வென்ட் அட்டைல பாத்தா 175 னு இருக்கு. அத வச்சதும்தான் ஓட ஆரம்பிச்சது. அதுவும் கூடத்தான் போயிருந்துச்சு, குறைய இல்ல.

பழைய வாத்தியார்:
அட்டையிலயே இருக்கும்போது எதுக்கு கணக்கு? நான் சொன்னதுதானே. ஆன்ட்வான் மூணு எண், ஒரு வரி.

மலர்விழி:
ஐயா, அந்த மூணு எண் எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்காம போட்டா அதுலயும் அடிவாங்கலாம். ஒரு புத்தகத்துல மில்லிமீட்டருக்கும் செல்சியஸுக்கும் இருக்கும், இன்னொன்னுல பாருக்கும் கெல்வினுக்கும் இருக்கும், ஒன்னுல பத்து அடிமான லாக், இன்னொன்னுல இயற்கை லாக். அதோட அது அளந்த புள்ளிங்க வழியா போட்ட கோடு, எந்த வெப்பநிலை வரைக்கும்னு பக்கத்துலயே எழுதியிருக்கும், அத தாண்டிப் போனா பொறுப்பு யாரும் எடுத்துக்க மாட்டாங்க. பாண்டிகிட்ட ஒரு புள்ளியும் ஒரு வெப்பமும்தான் இருக்கு, அத வச்சு என்ன செய்யலாம்ங்கறதுதான் கேள்வி.

பழைய வாத்தியார்:
எனக்கு ஆன்ட்வான் சொல்லித்தர வேண்டாம்மா. நீங்க 25 டிகிரி புள்ளிய எங்க இருந்து எடுத்தீங்க? டேபிள்ல இருந்து. அப்ப 35 ம் அதே டேபிள்லயே இருக்கே.

சுந்தர்79:
இந்த ஒரு பாயிண்ட் வாத்தியார் சொல்றது நியாயம் 😄

மலர்விழி:
எத்தனாலுக்கு இருக்கு, ஒத்துக்கறேன். புதுசா செஞ்ச ஒரு எஸ்டருக்கு ரெண்டு புள்ளிதான் அளந்து வச்சிருப்பாங்க, அப்ப டேபிள எங்க போய் தேடுவீங்க? அந்த ரெண்டு புள்ளில இருந்தே வெப்பத்த திருப்பி எடுத்து நடுவுல இருக்கற வெப்பநிலைக்கு கணக்கு போடலாம், அதுக்குத்தான் இந்த ஃபார்முலா. எத்தனாலுக்கே 25 ஐயும் கொதிநிலையையும் போட்டு திருப்பி எடுத்தா 42 க்கு சொச்சம் கீழ ஒரு எண் வரும், ரெண்டு முனைக்கும் இடைப்பட்டது, நடுவுல எங்க போட்டாலும் பெரிய தப்பு வராது.

ஊட்டி ரவி:
தண்ணிக்கும் இப்படியா? 100 ல இருந்து 25 க்கு வந்தா?

மலர்விழி:
ஆமா ரவி அண்ணா. 100 டிகிரி மதிப்பு 40.65 போட்டா 28 மில்லிமீட்டர் வரும், உண்மை 23.8. 25 டிகிரி மதிப்பு 44 போட்டா 21.4 க்கு இறங்கிடும். ரெண்டுக்கும் நடுவுல 42.3 போட்டா 24.6. 75 டிகிரி தாவலுக்கு அது மோசமில்ல.

லேப்ராணி:
பாண்டி, ஒன்னு கேக்கணும், எதுக்கு 35 டிகிரி? சாதாரணமா பாடப் புத்தகத்துல 25 தானே குடுப்பாங்க.

பிபெட்பாண்டி:
அக்கா அது ஸ்டோர் ரூம் விஷயம். சானிட்டைசர் ட்ரம் வச்சிருக்கோம், ஏசி இல்ல, மதியம் 35 தாண்டிடும். ட்ரம்முக்குள்ள காலி இடத்துல எவ்வளவு ஆவி இருக்கும்னு சேஃப்டி ரிப்போர்ட்ல எழுத சார் கேட்டாரு. 103 ன்னு எழுதிடறேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி 🙏

லேப்ராணி:
நில்லுங்க நில்லுங்க. சானிட்டைசர்னா சுத்த எத்தனால் இல்லயே, தண்ணி கலந்ததுதானே?

பழைய வாத்தியார்:
முதல் வரியிலயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். இவ்வளவு நேரம் வேற கணக்கு போட்டுகிட்டு இருந்திருக்கோம்.

மலர்விழி:
103 சுத்த எத்தனாலுக்குத்தான் பாண்டி. அதுக்கு மட்டும் பாத்தாலே 760 ல 13.5 சதவீதம் ஆவி, எத்தனால் காத்துல தீப்பிடிக்கற எல்லை 3.3 ல இருந்து 19 வரைக்கும், அப்ப ட்ரம்முக்குள்ள சரியா நடுவுல நிக்குது. தண்ணி கலந்தா குறையும். ராவுல்ட் விதிப்படி மோல் பங்கால பெருக்கினா ஒரு எண் வரும், ஆனா எத்தனாலும் தண்ணியும் அந்த விதிக்கு கட்டுப்படாது, உண்மையான எண் அதவிட கூடத்தான் இருக்கும். அதனால ராவுல்ட் எண்ண மட்டும் எழுதினா ரிப்போர்ட் ஆபத்த குறைச்சு காட்டும்.

சுந்தர்79:
அப்ப சுத்த எத்தனால் எண்ணையே எழுதிடலாமே, சேஃப்டிக்கு கூட இருந்தா நல்லதுதானே.

மலர்விழி:
இங்க "கூட இருந்தா நல்லது" னு கண்ண மூடிகிட்டு சொல்ல முடியாது சார், மேல் எல்லை 19 னு ஒன்னு இருக்கே. இன்னும் சூடான நாள்ல சுத்த எத்தனால் கணக்கு 19 அ தாண்டிட்டா, "ஆவி ரொம்ப அடர்த்தி, பத்தாது" ன்னு யாராவது தப்பா படிச்சுருவாங்க, ஆனா தண்ணி கலந்த ட்ரம் அப்பவும் எல்லைக்குள்ளயே இருக்கும்.

பாண்டி, லேபிள்ல எத்தன சதவீதம்? 70 ன்னா, கன அளவுலயா எடையிலயா? கன அளவுன்னா மோல் பங்கு 0.4 கிட்ட, எடைன்னா 0.48 கிட்ட வரும்.

லேப்ராணி:
ஜெல்லா, தண்ணி மாதிரி இருக்கறதா, அதையும் சொல்லுங்க பாண்டி.

ஊட்டி ரவி:
தம்பி ஆஃப்லைன் போயிட்டாரு போல.