புதுப்பிப்பு: லாப அறிவிப்புக்குப் பிந்தைய ஏற்றம்

என் பழைய கேள்வி: "எதிர்பார்ப்பை மீறி லாபம் காட்டிய அமெரிக்கப் பங்கை அறிவிப்புக்குப் பின் வாங்கினால் ஏற்றம் தொடருமா? எத்தனை நாள் வைத்திருக்கலாம்?"

ஏற்றம் தொடர்வதாகக் காட்டி நான் போட்ட அழகான வரைபடம் தவறு. "தம்பி, எந்த விலையில் வாங்கினீர்கள்?" என்று ஒரு அண்ணன் கேட்டதும் விழித்துக்கொண்டேன். அறிவிப்பு பல நேரம் சந்தை மூடிய பிறகே வருகிறது. நானோ அன்றைய முடிவு விலையையே எடுத்திருந்தேன். முடிவு விலை 100 டாலர், மறுநாள் தொடக்கம் 112, அறுபதாம் நாள் 115 என்று வையுங்கள். நான் கண்டது 15 சதவீதம். கைக்கு வருவது 2.7 மட்டுமே. அதற்குள் சந்தையே 2 சதவீதம் ஏறியிருந்தால் மிச்சம் சில்லறை.

"இது 1968 முதல் தெரிந்த விஷயம், எப்போதோ செத்துவிட்டது" என்றார் ஒருவர். பாதி சரி. பெரிய பங்குகளில் என் சோதனையிலும் ஒன்றும் தேறவில்லை. சிறியவற்றில் ஏதோ மிஞ்சுகிறது. ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அதை விழுங்குகிறது.

தன் வங்கிப் பங்கை விற்கலாமா என்று கேட்டவருக்கு: இது அதற்கான சோதனை அல்ல, ஐயா.

நான் எடுத்த 60 வர்த்தக நாள் என்பது ஆய்வாளர்கள் பெர்னார்ட், தாமஸ் 1989இல் பயன்படுத்திய அளவு. ஏற்றத்தின் ஒரு பகுதி அடுத்த காலாண்டு அறிவிப்பை ஒட்டியே வருவதாகவும் அவர்கள் கண்டார்கள். அதற்கு முந்தைய நாளே விற்பதா, தாண்டி வைத்திருப்பதா? அண்ணனும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.