முற்றத்து நிழல்வலை: 'டென்ஷன் செய்தல்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு முற்றத்தில் இரும்புக் குழாய்ச் சட்டம் நிறுத்தி அதன்மேல் நிழல்வலை போடுவதற்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிழல்வலை, சட்டம், கவ்வி எல்லாம் சிக்கலில்லை. 'நெட்டை டென்ஷன் செய்யவும்' என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். 'இழுவிசை கொடுக்கவும்' என்று எழுதிப் பார்த்தேன், இயற்பியல் பாடம் மாதிரி இருக்கிறது. வேறு என்ன சொல்லலாம்?
– மதுரை

> 'இழுவிசை கொடுக்கவும்'

இதில் தவறே இல்லையே. பள்ளிப் பாடநூலில் உள்ள சொல், எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு இறுக்கமாக இழுக்கிறோமோ அவ்வளவுக்கு வலை தொய்யாது, அவ்வளவுதான் விஷயம். புதுச் சொல் எதற்கு?
– திருச்சி

ஐயா சொல்வதில் பாதிதான் சரி. பதினைந்து வருடமாக நிழல்வலை போட்டுக் கொடுக்கிறேன். 15 அடிக்கு 9 அடி முற்றம் ஒன்றில், ஒரு அங்குல ஜிஐ குழாய், நீளப் பக்கத்தில் நடுக்கால் இல்லை. உடன் வேலை செய்த தம்பி பலமெல்லாம் கூட்டி இழுத்துக் கட்டினான். மறுநாள் போய்ப் பார்த்தால் அந்த நீளக் குழாய் நடுவில் இரண்டு விரல் அளவு உள்ளே வளைந்து, முதலில் கட்டிய கட்டெல்லாம் தளர்ந்து கிடந்தது. ஒரு பக்கத்தை அதிகமாக இழுத்தால் மறுபக்கம் தொய்யும், அதனால் எவ்வளவு பலம் என்பதைவிட எந்த வரிசையில் கட்டுகிறோம் என்பதுதான் முக்கியம்.

மூலைகளை வலை பறக்காத அளவுக்கு லேசாக முடிந்து வையுங்கள், இறுக்குவது கடைசியில். நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு கட்டு, அதற்கு நேர் எதிரே ஒரு கட்டு, அப்புறம் குறுகிய பக்கங்களின் நடுவில், அங்கிருந்து மூலையை நோக்கி இந்தப் பக்கம் ஒன்று எதிர்ப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். மூலையிலிருந்து தொடங்கினால் நடுவில் ஒரு தொங்கல் நிற்கும், அதை எங்கே இழுத்தாலும் வேறிடத்தில் சுருக்கம் விழும். 10 அடி அகல வலையை 9 அடிச் சட்டத்துக்கு எடுப்பது, கரையைக் குழாயைச் சுற்றி மடித்து இரண்டு அடுக்கையும் சேர்த்துக் கட்டத்தான். ஒற்றை அடுக்கில் கட்டினால் ஆடிக் காற்றில் கட்டு போட்ட கண்ணி விலகி, அங்கிருந்தே கிழிசல் ஓடும்.

நாங்கள் 'விறைப்பா இழு' என்போம்.
– ஓசூர்

எங்கள் முற்றத்தில் 75 சதவீத வலை போட்டோம், இப்போது வத்தல், வடகம் எதுவும் காயவில்லை. தளர்த்திக் கட்டினால் வெயில் வருமா?
– காரைக்குடி

அக்கா, தளர்த்தினால் வலை காற்றில் அடிபட்டுக் கிழியும், வெயில் அதிகமாக வராது. 75 என்பது மறைக்கும் வெயிலின் அளவு. வடகம் காயப்போடும் பக்கத்தை மட்டும் கவ்வி போட்டு வைத்தால், தேவைப்படும்போது கழற்றிச் சுருட்டிக்கொள்ளலாம். கவ்வி வாங்கும்போது குழாயின் வெளிவிட்டத்தை அளந்து சொல்லுங்கள். ஒரு அங்குல ஜிஐ குழாய்க்கு வெளியே சுமார் 34 மில்லிமீட்டர் இருக்கும். 25 மில்லிமீட்டர் கவ்வி அதில் ஏறாது.
– ஓசூர்

தலைப்புக்கு வருகிறேன். 'விசித்தல்' என்ற பழைய சொல் இருக்கிறது. சங்கப் பாட்டில் வாரால் இழுத்துக் கட்டிய முழவை 'விசிபிணி முழவு' என்பார்கள். இழுப்பதும் கட்டுவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன, 'இழுவிசை'யில் கட்டு இல்லை. ஓசூர் அண்ணன் சொன்ன எதிரெதிர் வரிசையும் மிருதங்கத்துக்கு வார் பிடிப்பதைப் போலத்தான், ஒரு பக்கம் மட்டும் இறுகினால் தோல் சமமாக நிற்காது. 'வலையை விசிக்கவும்', 'விசிப்பு குறைந்தால் மறுபடி விசிக்கவும்' என்று எழுதலாம்.
– தஞ்சாவூர்

அழகான சொல். ஆனால் வேலையாளிடம் 'விசி' என்றால் விசிறச் சொல்கிறோம் என்று நினைப்பான். 'விறைப்பு' இன்றும் வாயில் இருக்கிற சொல்.
– திருச்சி

சரி, இப்படி எழுதுகிறேன்: செய்யும் வேலைக்கு விசித்தல், வேலை முடிந்தபின் வலை இருக்கும் நிலைக்கு விறைப்பு. முதல் முறை வரும் இடத்தில் 'விறைப்பாக இழுத்துக் கட்டி விசிக்கவும்' என்று சேர்த்தே போட்டால் பொருள் தானாக விளங்கும். அண்ணா, விறைப்பு போதுமா என்று எப்படிப் பார்ப்பது?
– மதுரை

நடுவில் கீழிருந்து உள்ளங்கையால் தள்ளிப் பாருங்கள். கையை எடுத்ததும் வலை அலையாமல் பழைய இடத்துக்கு வந்தால் போதும். அதிகாலைக் குளிரில் கட்டியதை நடுப்பகலில் ஒருமுறை பாருங்கள், வெயிலில் வலை கொஞ்சம் நீளும். கட்டுவதற்கு வெள்ளை பிளாஸ்டிக் டேக் வேண்டாம், வெயிலில் மொறுமொறுத்து உடையும், வெயில் தாங்கும் கருப்பு டேக் வாங்குங்கள். 'விசித்தல்' எனக்குப் புதிது, பையன்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். அலுமினியப் பள்ளத்துக்குள் வலையை வைத்து வளைந்து வளைந்து அழுத்துகிற ஸ்பிரிங் கம்பி ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?
– ஓசூர்

நெளிகம்பி?
– தஞ்சாவூர்

நெளிகம்பி என்றால் சும்மா வளைந்த கம்பி என்றுதானே படும். அது கவ்வுகிற வேலை செய்கிறதே.
– திருச்சி