‘வலுவற்ற வடிவம்’ என்பதற்கு மாற்றுச்சொல்: பிணிப்பு, சாய்வு, வழக்கு

மரகதம் எழுதியது:

அவையோருக்கு வணக்கம். மொழியியல் அறிமுக நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் மொழிக்கும் சிந்தனைக்கும் உள்ள தொடர்பைப் பேசும் இயலில் இரண்டு சொற்கள் என்னைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. ஒருவர் பேசும் மொழி அவர் எதை நினைக்க முடியும் என்பதையே வரையறுக்கிறது என்பது ஒரு நிலைப்பாடு. மொழி அப்படி வரையறுப்பதில்லை, ஆனால் நினைவையும் கவனத்தையும் ஒரு பக்கமாகப் பழக்குகிறது என்பது மற்றொன்று. இவற்றை மொழிச் சார்பியத்தின் வலுவான வடிவம், வலுவற்ற வடிவம் என்று எழுதி வருகிறோம். ‘வலுவற்ற’ என்று படித்தவுடன் ஆதாரம் இல்லாத கருத்து என்று வாசகர் எண்ணிவிடுகிறார். சான்றுகள் கிடைத்திருப்பதோ அந்த வடிவத்துக்குத்தான்.

இரண்டாவது தொல்லை ‘சார்பு’ என்னும் சொல். இடக்குறிப்பு ஆய்வுகளில் ‘எனக்கு இடப்பக்கம்’ என்று பேசுவதைச் சார்புச் சட்டகம் என்றும், ‘வடக்கே’ என்று பேசுவதைச் சார்பிலாச் சட்டகம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதைப் பின்பற்றியதால், “சார்புச் சட்டகத்தில் பேசுவோரின் நினைவும் சார்புச் சட்டகத்தில் அமைவது சார்பியத்துக்குச் சான்று” என்று ஒரு வாக்கியம் என் கையெழுத்துப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டது. மெய்ப்புப் பார்த்தவர் அதைச் சுற்றி வட்டமிட்டு அனுப்பிவிட்டார்.

முதல் நிலைப்பாட்டுக்கு ‘மொழிப்பிணிப்பு’, இரண்டாவதற்கு ‘மொழிச்சாய்வு’ என்று வைக்கலாமா? அவையின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தேவராசன் எழுதியது:

அம்மையீர், சட்டகம் என்பதற்குப் புதுச்சொல் தேடத் தேவையில்லை. பள்ளி இயற்பியல் பாடநூல்களில் ‘குறிப்பாயம்’ என்ற சொல் வழக்கில் உள்ளது. பல ஆண்டுகள் வகுப்பில் அதைத்தான் பயன்படுத்தினேன், மாணவர்களும் எளிதில் பிடித்துக்கொண்டார்கள். சார்பியல் கொள்கையில் வலுவான வடிவம், வலுவற்ற வடிவம் என்ற பிரிவு கிடையாது. சிறப்புச் சார்பியல், பொதுச் சார்பியல் என்பவையே உண்டு. ஆகவே தங்கள் மூலநூலில் ஏதோ பிழை இருக்கலாம்.

கபிலன் எழுதியது:

தேவராசன் ஐயா, இது ஐன்ஸ்டைனின் சார்பியல் அன்று. சபீரும் வோர்ஃபும் சேர்ந்து வெளியிட்ட மொழிக் கொள்கை. ஆயினும் ‘குறிப்பாயம்’ நல்ல சொல், அதை எடுத்துக்கொள்ளலாம்.

மரகதம் அம்மா, இந்தக் கொள்கை நிறச்சொல் ஆய்வோடு முடிந்துபோனது என்பதே நான் படித்தது. 1969இல் பெர்லினும் கேயும் அடிப்படை நிறச்சொற்கள் எல்லா மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் தோன்றுகின்றன என்று காட்டிய பிறகு, வலுவற்ற வடிவத்துக்குக்கூட இடமில்லை. முடிந்துபோன ஒன்றுக்கு ‘வலுவற்ற’ என்பது பொருத்தமான அடைதானே?

சிவகாமி எழுதியது:

கபிலன் சொன்னதில் பாதி சரி. சபீரும் வோர்ஃபும் சேர்ந்து அப்படி ஒரு கொள்கையை எழுதி வெளியிடவில்லை. பெயர்களை இணைத்தது பின்னால் வந்தவர்கள். வலு, வலுவின்மை என்ற பிரிவும் அவர்கள் செய்ததன்று. பெர்லினும் கேயும் காட்டியது, மொழிகளில் எந்தெந்த நிறச்சொற்கள் அமையக்கூடும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு என்பது. அந்தச் சொற்கள் அமைந்த பிறகு பேசுவோரின் கவனம் மாறுகிறதா என்பது வேறு கேள்வி. நிறத்தை இத்துடன் விடுகிறேன், ஏனெனில் மரகதம் கேட்கும் சொல்லுக்கு உரைகல் இடக்குறிப்புச் சோதனைதான்.

சோதனையை நேரே பார்த்துவிட்டால் சொல் தானே வரும். ஒருவர் மேசையின் முன் வடக்கு நோக்கி நிற்கிறார். மேசைமேல் மூன்று பொம்மை விலங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவருடைய வலப்பக்கத்தை, அதாவது கிழக்கைப் பார்த்தபடி வரிசையில் நிற்கின்றன. வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிறிது நேரம் கழித்து அவரை எதிர்ப்புறத்து மேசைக்கு அழைத்துச் செல்கிறார்கள். இப்போது அவர் தெற்கு நோக்கி நிற்கிறார். பொம்மைகளைக் கையில் கொடுத்து, “அப்படியே மறுபடி வையுங்கள்” என்கிறார்கள். இடம், வலம் என்று நினைவில் வைத்தவர் விலங்குகளை மீண்டும் தம் வலப்பக்கம் பார்க்க வைப்பார். அவை மேற்கு நோக்கும். திசையை நினைவில் வைத்தவர் அவற்றைக் கிழக்கு நோக்கியே வைப்பார். அது இப்போது அவருக்கு இடப்பக்கம். சோதனை நடக்கும்போது இடம் என்றோ கிழக்கு என்றோ யாரும் வாய் திறப்பதில்லை.

ஸ்டீபன் லெவின்சனும் பெனலபி பிரவுனும் மெக்சிகோவின் சியாபாஸ் பகுதியில் உள்ள தெனெஹாப்பாவில் இதுபோன்ற சோதனைகளை நடத்தினார்கள். அங்குப் பேசப்படும் செல்தால் மொழியில் ‘மரத்துக்கு இடப்பக்கம்’ என்று சொல்லும் வழக்கம் இல்லை; ‘மேட்டுப்பக்கம்’, ‘பள்ளப்பக்கம்’ என்பார்கள். நிலம் தெற்கிலிருந்து வடக்காகச் சரிவதால், சமதரையிலும் மேசைமேலும்கூட மேட்டுப்பக்கம் என்றால் ஏறக்குறைய தெற்குதான். அவர்களில் பெரும்பாலோர் விலங்குகளின் திசையைக் காத்தார்கள். டச்சு மொழி பேசுவோர் ஏறக்குறைய அனைவரும் இடம்வலத்தைக் காத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். “அப்படியே வையுங்கள்” என்பதற்கு இரண்டு விடைகளும் சரியானவை. ஆகவே இந்தச் சோதனை அளப்பது ஒருவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை மட்டுமே. மற்றதை அவரால் நினைக்க முடியுமா என்பதை இது தொடவே இல்லை. மரகதம் முன்வைத்த ‘சாய்வு’ இதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. பிணிப்பைச் சோதிக்க வேண்டுமென்றால் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய வேலை ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

முருகேசு எழுதியது:

அவைக்குப் புதியவன்; மொழியியல் படித்தவனல்லன். மேலே உள்ளதைப் படித்தபோது எங்கள் வீடு நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் சாப்பிட உட்காரும்போது அம்மா, “எலைய வடக்கால தள்ளிப் போடு, தம்பிக்கு எடம் வேணும்” என்பார். அடுக்களையில் உப்பு ஜாடி எங்கே என்று கேட்டால், “மேக்கால இருக்கிற பலகையில பாரு” என்ற விடைதான் வரும். சென்னையில் வளர்ந்த என் மகளுக்கு இது விளங்கவில்லை, “லெஃப்டா, ரைட்டா பாட்டி?” என்று கேட்கிறாள். அம்மாவுக்கு இடக்கை, வலக்கை தெரியாமல் இல்லை. இருவர் பேசுவதும் தமிழ்தான். அப்படியென்றால் இதை மொழிச்சாய்வு என்று எப்படிச் சொல்வது?

சிவகாமி எழுதியது:

முருகேசு படித்தவரல்லர் என்கிறார். ஆனால் கேட்டது சரியான கேள்வி. எரிக் பீடர்சன் 1990களில் தமிழ்நாட்டில் ஆராய்ந்தது இதையேதான். அவர் ஒப்பிட்டது தமிழையும் வேறொரு மொழியையும் அல்ல, தமிழ் பேசும் இரு தரப்பினரை. நகரத்தவர் கைக்கெட்டும் பொருள்களுக்கு இடம், வலம் என்றார்கள். ஊர்ப்புறத்தவர் அதே பொருள்களுக்குத் திசைப்பெயர் சொன்னார்கள். மேசைச் சோதனையிலும், திசைப்பெயர் சொல்வோரிடம் திசையைக் காக்கும் போக்கு தெரிந்தது. செல்தாலுக்கும் டச்சுக்கும் இடையே கண்ட அளவுக்கு அது பளிச்சென்ற பிரிவாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரு தரப்புக்கும் இலக்கணம் ஒன்று, அகராதி ஒன்று. வேறுபடுவது எந்தச் சொல்லை எந்நேரமும் எடுத்தாள்கிறோம் என்பது மட்டுமே. வோர்ஃபும் தம் கட்டுரையொன்றின் தலைப்பிலேயே ‘வழக்கமான சிந்தனை’ என்றுதான் எழுதினார். எனவே மரகதத்தின் சொல்லில் ஒரு திருத்தம் வேண்டுகிறேன்: மொழிச்சாய்வு அன்று, ‘வழக்குச்சாய்வு’. ‘வழக்கு’ என்ற சொல் பேச்சு வழக்கையும் பழக்கத்தையும் ஒருசேரத் தாங்குகிறது. இந்த ஆய்வுகள் தேடுவதும் அந்த இணைப்பைத்தான்.

கபிலன் எழுதியது:

நிறத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நகரம், ஊர்ப்புறம் என்ற வேறுபாடு மொழி வழக்கின் வேறுபாடு மட்டும்தானா? ஊரில் வெளி தெரிகிறது, வெயில் தெரிகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் திசை தெரிவதில்லை. சாய்வு சூழலால் வந்து, சொல்வழக்கும் சூழலாலேயே வந்திருந்தால், ‘வழக்குச்சாய்வு’ என்ற பெயர் இன்னும் தீராத வழக்கில் ஒரு தரப்புக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

சிவகாமி எழுதியது:

இந்த எதிர்ப்பு வலுவானது. 2002இல் பெக்கி லியும் லைலா கிளைட்மனும் இதையே எழுப்பினார்கள். பென்சில்வேனியா மாணவர்களிடம் திரை மூடிய அறையிலும், வெளி தெரியும் இடத்திலும், மேசைமேல் அடையாளமாக ஒரு வாத்துக்குளப் பொம்மையை வைத்தும் சோதித்தார்கள். அடையாளம் மாறினால் ஒரே மொழி பேசுவோரின் விடையும் மாறுவதாகக் காட்டினார்கள். லெவின்சன் குழுவினர் அதே ஆண்டில் மறுப்பு எழுதினார்கள். குளத்தை நோக்கி வைப்பது திசையைக் காப்பதாகாது, பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் காப்பது. அரைவட்டம் திருப்பினால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், கால்வட்டம் திருப்பினால்தான் பிரியும் என்பது அவர்களின் வாதம். நுட்பமான வாதம், எனினும் சூழல் பற்றிய ஐயம் அதனால் முழுதும் நீங்கிவிடவில்லை.

பிணிப்பைப் பொறுத்தவரை நிலை இதைவிடத் தெளிவு. லி குழுவினர் 2011இல் தெனெஹாப்பாவுக்கே போய், சரியான விடை ஒன்றே உள்ள வேலைகளைக் கொடுத்தார்கள். சுழல்நாற்காலியில் அமர்ந்தவரோடு சேர்ந்து பெட்டிகளும் சுற்றும். அல்லது அவர் மட்டும் சுற்ற, பெட்டிகள் தரையில் நிற்கும். ஒளித்த பொருள் எந்தப் பெட்டியில் என்று காட்ட வேண்டும். தங்கள் மொழியில் வழக்கில்லாத உடல்வழி நினைவிலும் அவர்கள் குறைந்துபோகவில்லை. ஆகவே ‘பிணிப்பு’ என்ற சொல்லை நூலில் இருத்தலாம். அதற்கு எதிரான சான்று எது என்று வாசகருக்கு உடனே காட்ட முடியும்.

தேவராசன் எழுதியது:

என் முதல் மடல் வேறொன்றைப் பற்றியது என்று விளங்கியது. குறிப்பாயத்தின் வகைகளுக்கு இதைச் சொல்கிறேன்: நோக்குபவரை வைத்துச் சொல்வது ‘நோக்கர்வழி’, திசையை வைத்துச் சொல்வது ‘திசைவழி’, பொருளின் முன்பின்னை வைத்துச் சொல்வது ‘பொருள்வழி’. ‘சார்பு’ எங்கும் வராது.

சிவகாமி எழுதியது:

முதலும் மூன்றும் நன்று, ஐயா. ‘திசைவழி’ மட்டும் இடறும். பாலித் தீவில் ‘கஜா’ என்றால் மலைப்பக்கம். தீவின் தென்பகுதியில் அது வடக்கு, வடபகுதியில் தெற்கு. அது திசையன்று, நிலத்தின் அமைப்பு. செல்தாலின் மேடும் பள்ளமும் அப்படியே. நம் மேற்கும் கிழக்கும்கூட மேல், கீழ் என்ற நிலச்சரிவிலிருந்து வந்தவை என்றுதானே சொல்கிறார்கள். ‘நிலவழி’ என்றால் எல்லாம் அடங்கும்.

மரகதம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பிணிப்பு, நோக்கர்வழி, பொருள்வழி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். ‘நிலவழி’ என்பது தரைவழிப் பயணம் என்று ஒலிப்பதாக வீட்டில் படித்துப் பார்த்தவர் சொல்கிறார். ‘நிலஞ்சார்’ என்றால் விரட்டிய ‘சார்பு’ மீண்டும் உள்ளே வந்துவிடும். வேறு சொல் கிடைக்கும் வரை நிலவழியே இருக்கட்டும்.

கபிலனின் எதிர்ப்பைக் கருதி, ‘வழக்குச்சாய்வு’ என்பதைக் கொள்கைக்கு மட்டும் பெயராக வைக்கிறேன். சோதனையில் கண்ட போக்கைக் குறிக்கும் இடங்களில் வெறுமனே ‘சாய்வு’ என்று எழுதுவேன். அந்தச் சாய்வு வழக்கால் வந்ததா, வெளியால் வந்ததா என்பதை அந்தச் சொல் முடிவுசெய்யாது.

கபிலன் எழுதியது:

சாய்வு தனியே நிற்பதில் எனக்குத் தடையில்லை. புள்ளியியலில் சாய்வு என்ற சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்பதை மட்டும் அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். அதே இயலில் வரைபடங்களும் வருகின்றன என்று நினைக்கிறேன்.